ஐம்பத்தெட்டரை மணித்தியாலம்

"பிள்ளை, நாப்பது எண்டுதானே சொன்னனீங்கள்? இதில அம்பத்தெட்டரை எண்டு நிக்குது. மகன் சொல்லுறான், பட்டியலை ஏத்துறது பத்து நிமிச வேலையாம். ஒருக்கா வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

இன்வொயிஸ் அனுப்பி மூன்றாம் நாள் இரவு வந்த குரல்செய்தி இது. கோபமான குரல் இல்லை. அறுபது வயது தாண்டிய வியாபாரி ஒருவர், தனக்கு விளங்காத ஒரு கணக்கைப் பற்றிக் கேட்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மணித்தியாலக் கணக்கில் வேலை செய்யும் எவருக்கும் இந்தக் கேள்வி நெஞ்சில் இடிக்கும். பொருளை விற்றவர் பொருளைக் காட்டலாம். நேரத்தை விற்றவர் எதைக் காட்டுவது?

கடைகளின் ஸ்டொக் கணக்கைப் பழைய முறையிலிருந்து புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். கொக்குவிலில் வீட்டிலிருந்தே செய்கிறேன். இவர் ஹாட்வெயார் மொத்த வியாபாரி. பட்டணத்தில் ஒரு கடை, வெளியே ஒரு கடை, ஒரு ஸ்டோர். தொடங்கும்போது மின்னஞ்சலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தேன்: மணித்தியாலத்துக்கு 4,000 ரூபாய், 40 மணித்தியாலம் என்பது மதிப்பீடு, முடிந்த விலை அல்ல, அதைத் தாண்டும் என்று தெரிந்தால் முன்கூட்டியே அறிவிப்பேன். அவருடைய கந்தோரிலிருந்து "சம்மதம், தொடங்கவும்" என்று பதிலும் வந்தது. முடிவில் 58.5 மணித்தியாலம், 234,000 ரூபாய்.

அன்றிரவு கை போனது ஒரு பதிலுக்குத்தான்: "சரி ஐயா, அம்பதாப் போடுவம்." இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும், மனத்தாங்கலும் இராது. இதே பதிலை முன்பு வேறொருவருக்கு எழுதியிருக்கிறேன், அதனால்தான் இம்முறை எழுதவில்லை. எட்டரை மணித்தியாலத்தைக் காரணமே சொல்லாமல் வெட்டினால், அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்ற கேள்வி பிறகுதான் எழும்பும். சும்மா வெட்டக்கூடிய மணித்தியாலம் உண்மையில் நடந்திருக்குமா என்று வாங்கியவர் யோசிப்பார். அன்று நான் குறைத்துக் கொடுத்தவர் அடுத்த மூன்று இன்வொயிஸையும் பேரத்திலேயே தொடங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கட கடைத்தெருவில் "கடைசி விலை என்ன?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அது வியாபாரப் பழக்கம். சீமெந்துப் பக்கற்றில் கொஞ்சம் இலாபம் வைத்திருப்பார்கள், அதில் கொஞ்சம் விடுவார்கள். செலவழிந்த மணித்தியாலத்தில் அப்படி விட எதுவும் இல்லை என்பதை நான்தான் அவருக்குக் காட்ட வேண்டும்.

அதனால் காலையில் முதலில் என்னையே கணக்குக் கேட்டேன். டைம்ஷீட்டை ஒரு பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, தொலைபேசியின் அழைப்புப் பதிவு, வட்ஸ்அப், கணினியில் கோப்புகள் கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் ஆகிய மூன்றோடும் வரி வரியாக ஒப்பிட்டேன். இரண்டரை மணித்தியாலப் பிழை அகப்பட்டது.

ஒன்று, ஒரே தொலைபேசி அழைப்பு இரண்டு தரம் ஏறியிருந்தது. அழைப்பின்போது கணினியில் நேரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது தெரியாமல் பின்னேரம் கையாலும் எழுதியிருக்கிறேன். அழைப்புப் பதிவில் 58 நிமிட அழைப்பு ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரு மணித்தியாலம் வெட்டு.

மற்றது கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஒரு நாள் பொருட்பட்டியலை ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் அழித்து, திரும்ப ஏற்றியிருக்கிறேன். ஒன்றரை மணித்தியாலம். ஸ்டோர்கீப்பர் புதிய கோப்பைச் சரியாகத்தான் அனுப்பியிருந்தார், நான் என் கணினியில் இருந்த முந்தின மாதக் கோப்பை எடுத்துவிட்டேன். பரீட்சார்த்தமாக ஏற்றிப் பார்த்து, அலகு பிழைத்து, திருத்தி மீண்டும் ஏற்றுவது வேலையின் பகுதி, அதற்குக் கூலி கேட்கலாம். சரியான கோப்பு கையில் இருக்கப் பிழையானதை எடுத்தது வேலை அல்ல, என் கவனக்குறைவு. நான் கவனமாக இருந்திருந்தாலும் அந்த மணித்தியாலம் தேவைப்பட்டிருக்குமா என்று கேட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். ஒன்றரையும் வெட்டு.

மீதி 56. இதில் ஒவ்வொன்றும் நடந்தது என்று இப்போது எனக்கே நிச்சயமாகத் தெரிந்தது. உறுதியாக எழுதும் தெம்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்ததாக, அவர் ஏன் குழம்பினார் என்று பார்த்தேன். அவருக்கு நான் அனுப்பிய டைம்ஷீட் நாள் வரிசையில் இருந்தது. திகதி, மணித்தியாலம், இரண்டு மூன்று சொல். அதில் ஒரு வரி: "டேட்டா சரிசெய்தல் – 9.5". ஒரே நாளில் ஒன்பதரை மணித்தியாலம்! மகனுக்குச் சந்தேகம் வந்ததில் என்ன பிழை? அந்த நாளில் நடந்ததில் ஒரு சொல்லாவது அந்த வரியில் இல்லை.

நடந்தது இதுதான். பழைய பட்டியலில் 3,140 வரிகள். அரை இஞ்சி பிவிசி பைப் மட்டும் மூன்று பெயரில் கிடந்தது: `PVC 1/2`, `PIPE HALF PVC`, `1/2" PVC PIPE`. பெயர்களைச் சேர்ப்பது கஷ்டமில்லை, அவற்றின் எண்ணிக்கையைச் சேர்ப்பதுதான் கஷ்டம். முதல் பெயரில் 480, இரண்டாவதில் 35, மூன்றாவதில் 12. முதலாவதை அடிக்கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள், மற்ற இரண்டும் முழுப் பைப்புகள். 480ஐயும் 35ஐயும் 12ஐயும் அப்படியே கூட்டினால் ஸ்டோரில் 527 முழுப் பைப் இருப்பதாகக் கணினி சொல்லும், ஒருவர் வந்து 100 கேட்டால் "இருக்கு" என்று விற்றும்விடும். எது அடி, எது பைப் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. ஸ்டோரில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். வயர், கயிறு, வலை, தகரம், எல்லாவற்றிலும் இதே கதை. வயரில் ஒருவர் சுருளாக எழுதியிருப்பார், இன்னொருவர் கெஜமாக.

அதனால் ஒரு போயா விடுமுறையில், கடை பூட்டியிருந்த நாளில், காலை ஏழரைக்கு ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்கீப்பர் ஏணியில் ஏறி எண்ணிச் சொல்ல, நான் கீழே மடிக்கணினியில் ஒவ்வொரு வரிக்கும் அலகு போட்டேன். தகரக் கூரை, வெக்கை. வெளிக்கிடும்போது பின்னேரம் ஆறு மணி, இடையில் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம். ஒன்பதரை சரிதான். முதலாளிதான் அன்றைக்கு ஸ்டோரைத் திறந்துவிடச் சொன்னவர். ஆனால் "டேட்டா சரிசெய்தல்" என்ற சொல்லைப் பார்த்து அந்தப் போயா நாள் அவருக்கு எப்படி ஞாபகம் வரும்?

ஆகவே டைம்ஷீட்டை நாள்வாரியாக விளக்குவதைக் கைவிட்டு, அவர் கேட்ட வேலைவாரியாகத் திரும்ப அடுக்கினேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போட்டேன்: முதற்பார்வை `A`, பட்டியல் சுத்தம் `B`, இப்படி. பிறகு ஒரு சூத்திரம்:

```
=SUMIFS(D:D, F:F, "B")
```

`D` நிரலில் மணித்தியாலம், `F` நிரலில் அந்த எழுத்து. அரை மணித்தியால வேலை. (இதை அவரிடம் அறவிடவில்லை. என் கணக்கை நானே விளங்கப்படுத்தும் நேரம் என்னுடைய செலவுதான்.) பக்கத்தில் ஆரம்ப மதிப்பீட்டையும் போட்டதும் எங்கே கூடியது என்பது எனக்கே அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

அன்று மத்தியானம் அனுப்பிய பதிலை, பெயர்களை எடுத்துவிட்டு, அப்படியே தருகிறேன்.

> மதிப்புக்குரிய ஐயா,
>
> உங்கள் செய்தி கிடைத்தது. கணக்கை வடிவாகப் பார்க்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு பதிவையும் தொலைபேசிப் பதிவோடும் கோப்புகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு பிழைகள் என்னுடையவை. ஒரு அழைப்பை இரண்டு தரம் பதிந்துவிட்டேன் (1 மணித்தியாலம்). ஒரு நாள் பழைய கோப்பை ஏற்றி, பிறகு திருத்தினேன் (1.5 மணித்தியாலம்). வருந்துகிறேன். இந்த 2.5 மணித்தியாலத்துக்கான 10,000 ரூபாயைக் கழித்து, திருத்திய இன்வொயிஸை இணைத்துள்ளேன். மீதியைப் பற்றி நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் இந்தக் கழிவு கழிவுதான்.
>
> மீதி 56 மணித்தியாலத்தை, நாள்வாரியாக அல்லாமல் வேலைவாரியாகக் கீழே தருகிறேன்.
>
> | வேலை | மதிப்பீடு | நடந்தது |
> |---|---|---|
> | முதற்கூட்டம், பழைய கோப்புகளைப் பார்த்தல் | 6 | 6 |
> | பொருட்பட்டியல் சுத்தம், அலகு சரிபார்த்தல் | 12 | 23.5 |
> | ஏற்றுதல், சோதித்தல் | 12 | 11 |
> | ஊழியர் பயிற்சி | 6 | 6 |
> | தொலைபேசி, சிறு திருத்தம் | 4 | 2 |
> | கடன் வாடிக்கையாளர் நிலுவை (பிறகு கேட்டது) | – | 7.5 |
> | மொத்தம் | 40 | 56 |
>
> மகன் சொன்னது சரி, ஏற்றுவது பத்து நிமிட வேலைதான். ஏற்றுவதற்கு முன், 3,140 வரிகளில் எது அடி, எது பைப், எது சுருள் என்று பார்ப்பதற்குத்தான் நேரம் போனது. 9.5 மணித்தியாலம் என்று இருக்கும் நாள், போயா அன்று உங்கள் ஸ்டோர்கீப்பருடன் ஸ்டோரில் எண்ணிய நாள். அதை நான் விளக்கமாக எழுதியிருக்க வேண்டும். இந்தப் பகுதிக்கு 12 மணித்தியாலம் போதாது, 20ஐத் தாண்டும் என்று வேலையின் நான்காம் நாள் வட்ஸ்அப்பில் அறிவித்தேன். "சரி பிள்ளை, செய்யுங்கோ" என்று பதில் தந்தீர்கள். அந்தச் செய்தியின் படம் இணைப்பில் உள்ளது.
>
> கடன் நிலுவை வேலை முதல் மதிப்பீட்டில் இல்லை. உங்கள் கணக்காளர் தொலைபேசியில் கேட்டார், அன்று பின்னேரமே அதை மின்னஞ்சலில் உறுதிசெய்து அனுப்பினேன். அந்தப் பட்டியல் இப்போது பாவனையில் உள்ளது.
>
> இந்த 56 மணித்தியாலமும் செய்து ஒப்படைத்த வேலை. ஆகவே இதற்கு மேல் என்னால் குறைக்க இயலாது.
>
> முதல் 40 மணித்தியாலத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கான 160,000 ரூபாயை இம்மாதம் 20ஆம் திகதிக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைச் செலுத்துவதால் மீதியையும் நீங்கள் ஒத்துக்கொண்டதாக நான் எடுக்கமாட்டேன். மீதி 64,000 ரூபாயில் எந்தத் திகதியின் பதிவில் சந்தேகம் என்று சொன்னால், அதற்குரிய ஆதாரத்தோடு புதன் அல்லது வியாழன் பின்னேரம் கடைக்கு வருகிறேன்.
>
> நன்றி.

எழுதியதில் பாதியை அழித்த பிறகு மிஞ்சியது இது. முதல் வரைவில் "நான் எப்போதும் நேர்மையாகத்தான்" என்று தொடங்கும் ஒரு வசனம் இருந்தது. என் நேர்மையை அவர் கேட்கவே இல்லை, மணித்தியாலத்தைத்தான் கேட்டார். அதை எழுதியிருந்தால் கதை நேரத்திலிருந்து மானத்துக்குப் போயிருக்கும், பிறகு அதைத் திருப்ப ஏலாது. வெக்கையில் நின்ற கதையும் அதில் இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். நான் பட்ட கஷ்டத்துக்கு அவர் காசு தருவதில்லை.

சச்சரவில்லாத 160,000ஐப் பிரித்துக் கேட்டதைப் பற்றிச் சிலர் என்னிடம் விசாரித்தார்கள். பிரிக்காவிட்டால் 64,000க்கான இழுபறியில் முழு 224,000மும் மாதக்கணக்கில் நின்றுவிடும். "மீதியை ஒத்துக்கொண்டதாக எடுக்கமாட்டேன்" என்ற வரியும் அதற்காகத்தான். அது இல்லாவிட்டால், கொஞ்சம் கட்டினாலே முழுவதற்கும் தலையாட்டியதாகிவிடும் என்று பயந்து ஒரு சதமும் கட்டாமல் இருப்பார்கள்.

சட்டம் எதையும் கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் எழுதும் முன் சட்டத்தரணியான ஒரு சிநேகிதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வழக்குத் தொடுக்கும் காலத்தை வரையறுக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம் உண்டு. எழுத்தில்லாமல் வெறுமனே "செய்த வேலைக்கான கடன்" என்று நின்றால் ஒரே ஒரு வருடம்தான். மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் சட்டத்தின் முன் மதிப்பு உண்டு, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. தொடக்கத்தில் அனுப்பிய அந்த ஒரு பக்கக் கடிதமும் அதற்கு வந்த இரண்டு சொல் பதிலும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தெரிந்து வைத்திருப்பது மனதுக்குத் தைரியம். இந்தக் கட்டத்தில் கடிதத்தில் அதை எழுதினால், நாளைக்கு நல்லூர் வீதியில் எதிர்ப்படும் ஒரு மனிசனை இன்றைக்கே எதிராளியாக்கியது போலாகும்.

இன்னொரு சின்ன விஷயம், காசுக் கணக்கு. தனிநபருக்குக் கொடுக்கும் சேவைக் கட்டணம் மாதம் 100,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 5% வரியைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும் என்பது 2023 ஜனவரியிலிருந்து நடைமுறை. அதனால் கழிவை இன்வொயிஸிலேயே திருத்திக் கொடுத்தேன், "பிறகு பார்ப்பம்" என்று விடவில்லை. 234,000க்கு 11,700 ரூபாய், 224,000க்கு 11,200 ரூபாய். இன்வொயிஸ் பழையபடி நின்றால் அவர்கள் தரும் வரிச் சான்றிதழும் என் கணக்கும் வருட முடிவில் ஒட்டாது.

160,000 ரூபாய், 8,000 வரி போக, 18ஆம் திகதி வந்தது. வியாழன் பின்னேரம் கடைக்கு வரச் சொன்னார்.

தேத்தண்ணி வந்தது. பட்டியல் சுத்தத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ஸ்டோர்கீப்பரிடம் ஏற்கெனவே விசாரித்திருக்கிறார். அந்த ஏழரை மணித்தியாலத்தில்தான் விரலை வைத்தார். எனக்கும் தெரியும், என் பக்கத்தில் பலவீனமான இடம் அதுதான். கேட்டது அவரல்ல, கணக்காளர். உறுதிசெய்து நான் அனுப்பிய மின்னஞ்சலும் கணக்காளருக்கே போனது, முதலாளிக்கு அல்ல. கணக்காளரைக் கூப்பிட்டார். "ஓம் ஐயா, நான்தான் கேட்டனான். கடன்காரற்ற பழைய மீதி இல்லாமல் பில் போடேலாது" என்றார் அவர்.

"உதை என்னட்டைக் கேட்டிருக்கோணும், பிள்ளை."

"ஓம் ஐயா, கேட்டிருக்கோணும். அது என்ர பிழைதான். ஆனா வேலை நடந்திருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாதியா முடிப்பமோ?" என்றார். மிகவும் தன்மையாகத்தான் கேட்டார். ஓம் என்று சொல்ல வாய் வந்தது.

"ஐயா, அந்தப் பட்டியலில ஒரு பேருக்கு நேர காசு பிழை எண்டு காட்டுங்கோ, அதுக்குப் போன நேரத்தை இப்பவே வெட்டுறன். சும்மா பாதி எண்டு வெட்ட எனக்கு ஏலாது."

பட்டியலை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, பழைய லெட்ஜரைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு மேசனின் கணக்கு. அவர் சித்திரையில் ஒரு தொகை கட்டியது தனக்கு ஞாபகம் என்றார். லெட்ஜரில் இருந்தது, பட்டியலிலும் கழிந்திருந்தது. இன்னும் இரண்டு பெயர் பார்த்தார். மூடினார்.

64,000க்குரியது, 3,200 வரி போக, அந்த மாதக் கடைசியிலேயே வந்தது.

போன கிழமை வெளிக்கடையின் பட்டியலையும் இதேமாதிரிச் செய்யக் கேட்டிருக்கிறார். இம்முறை கடிதத்தில் ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு போட்டேன்: குறைந்தது 14, கூடினது 22 மணித்தியாலம். 18 வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு எழுத்தில் கேட்பேன். மேலதிக வேலை என்றால் முதலாளி எழுத்தில் சொன்னால் மட்டும். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே பதில் வந்திருந்தது: "சரி பிள்ளை. ஸ்டோர்கீப்பரையும் அனுப்புறன்."